மலையகத்தில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை: மணிக்கணக்கு, சம்பளம், பரீட்சைக் காலம்

ஒரு வேலைக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபா, இன்னொன்றுக்கு 2,000 ரூபா என்றால் யாரும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். மலைநாட்டில் அந்தக் கணக்கு பல தடவை பிழைத்துவிடும். ஏழு மணிக்குப் பிறகு பஸ் இல்லாத பாதைகள் இங்கே ஏராளம். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசு அன்றைய சம்பளத்தில் மூன்றில் ஒன்றைத் தின்றுவிடும். அதனால் சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னர், அந்த வேலை உங்களிடமிருந்து மொத்தம் எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது, கைச்செலவு போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்ததாக, பரீட்சை வரும் வாரங்களில் அந்த முதலாளி உங்களை விடுவாரா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டும் தெளிவானால் மற்றவை எளிது.

முதலில் உங்களிடம் உள்ள நேரம்

வேலை தேடப் போவதற்கு முன் ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போடுங்கள். லெக்சர், செயன்முறை வகுப்பு, டுட்டோரியல் எல்லாவற்றையும் அதில் அடையாளமிடுங்கள். லெக்சர் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வீட்டிலோ போர்டிங்கிலோ இன்னொரு மணித்தியாலம் படிப்பு என்று வையுங்கள். விஞ்ஞானம், பொறியியல் போன்று அறிக்கை எழுதும் பாடங்களுக்கு இதைவிடக் கூடும். பிறகு மிஞ்சும் வெள்ளைக் கட்டங்களில் பாதியை மட்டுமே வேலைக்கு ஒதுக்குங்கள். மற்றப் பாதி துணி துவைப்பதற்கும், ஊருக்குப் போய் வருவதற்கும், காய்ச்சல் வந்து படுப்பதற்கும் தானாகவே போய்விடும்.

செயன்முறை வகுப்பு அதிகமுள்ளவர்களுக்கு வாரத்துக்கு 12 மணித்தியாலம், மற்றவர்களுக்கு 16 மணித்தியாலம் என்பதைத் தாண்டாதிருப்பது நல்லது. இது எங்கள் அனுபவக் கணிப்பு, சட்டம் அல்ல. இந்த எண்ணிக்கைக்குள் பயண நேரமும் அடக்கம் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு விடயத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மஹாபொல அல்லது வேறு உதவித்தொகை பெறுபவர்கள், தொழில் செய்வது பற்றி அந்தத் திட்டத்தில் ஏதும் நிபந்தனை உண்டா என்று மாணவர் நலப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில ஆயிரம் ரூபாவுக்கு ஆசைப்பட்டு நிலையான உதவித்தொகையை இழப்பது நட்டம். பாடத்துக்குப் பாடம் கேட்கப்படும் குறைந்தபட்ச வரவு வீதத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 15 வாரச் செமஸ்டரில் 80 வீதம் கேட்டால், வாரத்துக்கு ஒரு தடவை நடக்கும் லெக்சரில் மூன்று தடவைதான் வராமலிருக்கலாம். அந்த மூன்றும் சுகவீனத்துக்கு வேண்டும். வேலைக்காக ஒன்றைக்கூடச் செலவழிக்கக் கூடாது.

மூன்று வேலையை ஒரே தராசில் நிறுத்துவது

பேராதனையில் படித்து, கெட்டம்பேயில் போர்டிங் இருக்கும் இரண்டாம் வருட மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று வாய்ப்புகள் வந்திருக்கின்றன. கீழே உள்ள தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, கண்டி நகரத்துத் துணிக்கடை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை. நாளுக்கு 1,500 ரூபா. போகவர ஒன்றரை மணித்தியாலம், பஸ் 100 ரூபா. சாப்பாடு கடையில் கொடுப்பதில்லை, வெளியே 350 ரூபா. ஆக 10½ மணித்தியாலத்துக்குக் கையில் மிஞ்சுவது 1,050 ரூபா. மணித்தியாலத்துக்கு 100 ரூபா.

இரண்டாவது, கலியாண மண்டபம் ஒன்றில் பரிமாறும் வேலை. மாலை 4 மணி முதல் இரவு 11.30 வரை, 2,000 ரூபா, சாப்பாடு உண்டு. போவதற்கு பஸ் 50 ரூபா. திரும்பி வரும்போது பஸ் இல்லை, ஓட்டோ 600 ரூபா. பயணத்தோடு 8½ மணித்தியாலம், மிஞ்சுவது 1,350 ரூபா. மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 159 ரூபா. ஒரே பக்கம் போகும் இன்னொருவர் ஓட்டோவில் சேர்ந்தால் இது 194 ரூபாவாகும். தனியாகப் போனால் ஒரு கணக்கு, சோடியாகப் போனால் இன்னொரு கணக்கு என்பதால், இந்த வேலைக்குச் சேரும்போதே அதே பக்கத்து நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவது புத்தி. பெண் பிள்ளைகளுக்கு இது காசுக்கணக்கு மட்டுமல்ல. இரவில் வாகனம் கொடுப்பதாக மண்டபத்தார் சொன்னால், எத்தனை மணிக்கு, எங்கே வரை என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

மூன்றாவது, டியூஷன். 9ஆம் ஆண்டு மாணவர் ஆறு பேருக்குக் கணிதம், சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம், மாதம் ஆளுக்கு 1,000 ரூபா. ஒரு வகுப்புக்கு ஆயத்தம் ஒன்றரை மணித்தியாலம், பயணம் ஒரு மணித்தியாலம் என்று பார்த்தால் மாதத்துக்கு 18 மணித்தியாலம். பஸ்ஸுக்கும் போட்டோக்கொப்பிக்கும் 800 ரூபா. ஆறு பேரும் கட்டணம் கொடுத்தால் மிஞ்சுவது 5,200 ரூபா, மணித்தியாலத்துக்கு 289 ரூபா. நான்கு பேர்தான் கொடுத்தால் 3,200 ரூபா, மணித்தியாலத்துக்கு 178 ரூபா. தோட்டப் பக்கங்களில் சம்பள நாளுக்குப் பிறகுதான் பெற்றோர் கையில் காசு இருக்கும். அந்த நாளைத் தெரிந்துகொண்டு, அதற்கு அடுத்த சனிக்கிழமையைக் கட்டண நாளாக வைத்தால் நிலுவை குறையும்.

இந்தக் கணக்கின்படி டியூஷன் முதலிடம், கடை கடைசி. இரண்டு நாளும் போனால் கடை வாரத்துக்கு 21 மணித்தியாலம் எடுத்து, மேலே சொன்ன 16ஐயும் தாண்டிவிடும். ஆனால் மாதத் தொகையைப் பாருங்கள். கடையில் எட்டு நாளுக்கு 8,400 ரூபா வருகிறது, டியூஷனில் 5,200. மண்டபத்தில் மாதம் எத்தனை விழா கிடைக்கும் என்பது முகூர்த்தத்தைப் பொறுத்தது. ஒரு மாதம் ஆறு, அடுத்த மாதம் ஒன்று. போர்டிங் காசு போல மாதாமாதம் தவறாமல் கட்டவேண்டிய செலவுக்கு மண்டப வேலையை நம்பக்கூடாது. இந்த மாணவருக்கு நாங்கள் சொல்லக்கூடியது: டியூஷனை அடிப்படையாக வைத்து, ஆறு பேரை எட்டுப் பேராக்கி, மாதத்தில் இரண்டு விழாவை மட்டும் எடுப்பது. எட்டுப் பேர் வந்தால் வகுப்பு நேரம் கூடாது, கட்டணம் மட்டும் கூடும். டியூஷனின் பலமே இதுதான்.

டியூஷனுக்கு ஒரு பொறியும் உண்டு. புலமைப்பரிசில், சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதங்களில் பெற்றோர் மேலதிக வகுப்புக் கேட்பார்கள். உங்கள் செமஸ்டர் பரீட்சையும் அதே நேரத்தில் வந்தால் இரண்டும் மோதும். அதனால் பரீட்சை எழுதாத ஆண்டுகளை, அதாவது 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளைப் பிடிப்பது முதல் வருட மாணவருக்குப் பாதுகாப்பானது.

சீசன் வேலைகள்

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன், சிவனொளிபாத மலையில் மார்கழி பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையான யாத்திரைக் காலம், கண்டியில் எசல பெரஹரா. இந்த நாட்களில் ஹோட்டல்களும் கடைகளும் தற்காலிக ஆட்களைத் தேடும். சீசன் வேலையின் நல்ல பக்கம், முடியும் நாள் முன்கூட்டியே தெரிந்திருப்பது. செமஸ்டர் விடுமுறையோடு பொருந்தினால் இரண்டு வாரத்தில் இரண்டு மாதச் செலவைச் சம்பாதிக்கலாம்.

நல்லதண்ணிப் பக்கத்துக் கடைகளில் ஒரு விடயம் வேறு. மலை ஏறுபவர்கள் சூரிய உதயம் பார்க்க இரவில்தான் நடப்பார்கள். ஆகவே வார இறுதியிலும் பொயா நாட்களிலும் கடை இரவு முழுக்க விழித்திருக்கும். ஞாயிறு இரவு விடியவிடிய வேலை செய்தவர் திங்கட்கிழமை எட்டு மணி லெக்சரில் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. செமஸ்டர் நடக்கும்போது இந்த வேலையை எடுக்கவேண்டாம். விடுமுறையில் மட்டும் எடுங்கள்.

தோட்டத்தில் வீடு உள்ளவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வேலையும் ஒரு வழி. பறித்த கிலோவுக்குத்தான் காசு. பழக்கமில்லாத கைக்கு முதல் சில நாட்களில் பெரிதாக எடை நிற்காது என்பதால், அதை வைத்து மாதக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

தேடும் முறை

நகரத்துக் கடைகளில் பகுதிநேர ஆளுக்கான அறிவித்தல் பெரும்பாலும் இணையத்தில் வராது. கண்ணாடியில் ஒட்டிய ‘ஆள் தேவை’ தாள்தான். ikman.lk போன்ற தளங்களில் ஊர்ப்பெயரை வைத்துத் தேடலாம். topjobs.lk பெரும்பாலும் முழுநேர வேலைக்கானது. ஆனால் ஹட்டன், பதுளை, பண்டாரவளை போன்ற ஊர்களில் நேரில் போவதுதான் பலன் தரும்.

வார நாளில் காலை பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் இடையில் போங்கள். கடை திறந்து, கூட்டம் வரமுன் முதலாளி பேசக்கூடிய நேரம் அது. சனிக்கிழமை மத்தியானம் போய் வேலை கேட்பவரைக் கடைக்காரர் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். கையில் அடையாள அட்டையின் பிரதி ஒன்று, மாணவர் அட்டை, நீங்கள் வரக்கூடிய நாட்களும் நேரமும் எழுதிய ஒரு தாள் இருக்கட்டும். மூல அட்டையை ஒருபோதும் கடையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். ‘பிறகு தாறன்’ என்று அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில், வேலையை விட்டு வருவதும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

கண்டி, மாத்தளைப் பக்கங்களில் கவுண்டர் வேலைக்குப் பேச்சுச் சிங்களம் தேவைப்படும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் விலை, அளவு, நிறம் சொல்லத் தெரிந்தால் போதும். ஒப்பந்தம் சிங்களத்தில் இருந்தால் அதைப் போனில் படம் எடுத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். ‘இப்பவே போடு’ என்று அவசரப்படுத்தினால் அதுவே ஓர் அறிகுறி.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடை வைப்புப் பணம் என்று முதலில் காசு கேட்கும் எதையும் விட்டுவிடுங்கள். ஆள் சேர்த்தால்தான் வருமானம் என்று சொல்லும் ‘மார்க்கெட்டிங்’ நிறுவனங்கள், ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம் வைத்து மலையக இளைஞர்களைக் குறிவைப்பது புதிதல்ல. சங்கிலித் தொடராக ஆட்களைச் சேர்த்து அவர்கள் கட்டும் பணத்தைப் பங்கிடும் பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. விற்கும் பொருளின் விலையைக் கேளுங்கள். பொருளைப் பற்றி இரண்டு நிமிடமும், சேர்ப்பவருக்கு வரும் கமிஷனைப் பற்றி ஒரு மணித்தியாலமும் பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

சேரும்போது கேட்கவேண்டியவை

சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். அது எந்த நாளில், எந்த வழியில் வரும், எதற்காகக் கழிப்பார்கள் என்பதுதான் பின்னர் சண்டையாவது. தேசிய குறைந்தபட்ச சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளொன்றுக்கு 1,200 ரூபா. எட்டு மணித்தியால நாள் என்று வகுத்தால் மணித்தியாலத்துக்கு 150 ரூபா வருகிறது. இதற்குக் கீழே பேசினால் ‘மாணவர்தானே’ என்ற சலுகையை உங்களிடமிருந்து எடுக்கிறார்கள் என்று அர்த்தம். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் வேலை நாள் 8 மணித்தியாலம், வாரம் 45 மணித்தியாலம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. பொயா நாளில் வேலை செய்தாலும் அன்றைய கூலி ஒன்றரை மடங்காக வரவேண்டும்.

பகுதிநேரம் என்பதால் சேமலாப நிதி இல்லை என்று சொல்வது மிகப் பரவலான பொய். ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்டவேண்டும். 1,500 ரூபா நாட்கூலியில் உங்கள் பக்கம் கழிவது 120 ரூபா, முதலாளி சேர்ப்பது 180, அதோடு 45. இந்தக் காசு உடனே கைக்கு வராது. ஆனால் பிற்காலத்தில் ஓய்வூதியம் உள்ள அரச வேலைக்கு, ஆசிரியராகப் போனால்கூட, சேமலாப நிதியை எடுக்க இடமுண்டு. சம்பளத்தில் 8 வீதம் கழித்துக்கொண்டு, நிதியில் கட்டாமல் விடுபவர்களும் இருக்கிறார்கள். மூன்றாவது மாதத்திலாவது அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். சொல்ல மழுப்பினால் பக்கத்துத் தொழில் அலுவலகத்தில் அடையாள அட்டையோடு விசாரிக்கலாம்.

காசாளர் வேலை என்றால் லாச்சியில் குறைந்த காசை யார் கட்டுவது என்று கேளுங்கள். ஒரே லாச்சியில் மூன்று பேர் கை வைத்துவிட்டு, இரவில் குறைந்த 800 ரூபாவைப் பகுதிநேரப் பிள்ளையின் தலையில் போடுவது நடப்பதுதான். தொடங்கும்போது சில்லறையை மேலாளர் முன்னிலையில் எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள், வேறொருவருக்கு இடம் கொடுத்தால் மறுபடியும் எண்ணுங்கள். மண்டப வேலையில் இதே சிக்கல் உடைந்த கிளாஸ் வடிவில் வரும். அங்கே இன்னொன்று, ஆள் பிடித்துக் கொடுப்பவர் மூலம் காசு வந்தால் தாமதமாகும். ‘அன்றிரவே கையில்’ என்று பேசிக்கொள்ளுங்கள். கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, கறுப்புச் சப்பாத்து உங்களுடையதாக இருக்கவேண்டும் என்றால், முதல் இரண்டு விழாவின் சம்பளம் அதற்கே போகும்.

வந்த நாள், உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம் மூன்றையும் ஒரு சின்னக் கொப்பியில் அன்றன்றே எழுதுங்கள். சம்பளம் குறைந்தால் வாதம் செய்ய இந்தக் கொப்பியைவிட நல்ல சாட்சி இல்லை.

பரீட்சைக் காலத்தை முதல் நாளே பேசிவிடுவது

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லீவு கேட்பவரை முதலாளி வேலையைவிட்டு நிறுத்துவது கோபத்தால் அல்ல. அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைக்க அவருக்கு அவகாசமில்லை. ஆகவே சேரும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். நேர அட்டவணை பல தடவை பரீட்சைக்குச் சில வாரத்துக்கு முன்தான் வரும். சில வேளை தள்ளியும் போடுவார்கள். அதனால் திகதி சொல்லாமல் காலப்பகுதி சொல்லுங்கள். சேர்ந்த பிறகு ஒரு செய்தியும் அனுப்பிவிடுங்கள், எழுத்தில் இருக்கட்டும்:

‘சேர், நேற்றுப் பேசியபடி சனி, ஞாயிறு 9 முதல் 6 வரை வருகிறேன். ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஆறு ஏழு வாரம் எனக்குப் பரீட்சை நேரம், அப்போது வரமுடியாது. சரியான திகதியை மூன்று வாரத்துக்கு முன் சொல்கிறேன். முடிந்ததும் மறுபடி வருவேன். நன்றி.’

15 வாரம் படிப்பு, இரண்டு வாரம் படிப்பு விடுமுறை, மூன்று வாரம் பரீட்சை என்று 20 வாரச் செமஸ்டரை வைத்துப் பார்ப்போம். முதல் பத்து வாரம் முழு வேலை. 11 முதல் 13 வரை பாதி, சனிக்கிழமை மட்டும். 14ஆம் வாரத்திலிருந்து பரீட்சை முடியும் வரை வேலை இல்லை. ஒப்படைகளும் இடைப் பரீட்சையும் குவிவது அந்த 11ஆம் வாரத்தில்தான். அங்கே குறைக்காதவர்கள் படிப்பு விடுமுறையைப் பழைய ஒப்படைகளை முடிப்பதிலேயே கழிப்பார்கள்.

இப்போது காசு. துணிக்கடைக் கணக்கில் வாரத்துக்கு மிஞ்சுவது 2,100 ரூபா. பத்து வாரத்துக்கு 21,000, மூன்று பாதி வாரத்துக்கு 3,150, மொத்தம் 24,150 ரூபா. இதை 20 வாரத்துக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 1,200 ரூபாதான். அதாவது வேலை செய்யும் வாரத்திலும் நீங்கள் செலவழிக்கக்கூடியது 1,200. மீதி 900 ரூபாவை, சம்பளம் வந்த கையோடு, கார்ட் இல்லாத ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். பரீட்சை வாரத்தில் ‘இந்த ஒரு ஞாயிறு மட்டும்’ என்று வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலாளி கூப்பிட்டதால் போவதில்லை, சாப்பாட்டுக்குக் காசு முடிந்துபோனதால்தான் போகிறார்கள்.

டியூஷனில் இதைக் கொஞ்சம் வேறுவிதமாகச் செய்யலாம். உங்கள் பரீட்சைக்கு முந்திய மாதத்தில் வாரத்துக்கு இரண்டு வகுப்பு எடுத்து, பரீட்சை மாதத்தின் நான்கு வகுப்பையும் முன்கூட்டியே முடித்துவிட்டால் கட்டணமும் நிற்காது. பெற்றோருக்கு முன்பே சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மழைக்காலத்தையும் கணக்கில் எடுங்கள். மே மாதத்திலிருந்து மேற்குச் சரிவில் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கமும், வருடக் கடைசியில் பதுளை, நுவரெலியாப் பக்கமும் மண் சரிந்து பாதை அடைபடும். வேலையும் கெம்பஸும் ஒரே பக்கத்தில் இருந்தால் பாதிப்பு குறைவு. வேலைக்காக ஊருக்குப் போய் ஞாயிறு இரவு மாட்டிக்கொண்டால் திங்கள் லெக்சர் போகும். பரீட்சைக்கு முந்திய வாரத்திலாவது நகரத்துப் பக்கமே தங்கிவிடுங்கள்.

சம்பளம் வராவிட்டால்

மாதச் சம்பளம் என்றால் மாதம் முடிந்து பத்து நாளுக்குள் கொடுக்கவேண்டும். அது தாண்டினால் முதலில் எழுத்தில் கேளுங்கள், வட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். கண்டி, ஹட்டன், நுவரெலியா, பதுளை ஆகிய இடங்களில் அலுவலகங்கள் உண்டு, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கடையின் பெயர், முகவரி, வேலை செய்த நாட்கள், பேசிய தொகை, வந்த தொகை இவை வேண்டும். அந்தச் சின்னக் கொப்பி, வங்கிக் கணக்குச் சீட்டு, செய்திகளின் படங்கள் மூன்றையும் பிரதியெடுத்து இணையுங்கள். காசாகக் கைக்கு வந்த சம்பளத்துக்கு அத்தாட்சி இருப்பதில்லை என்பதால், முடிந்தவரை வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லிக் கேட்பது முதல் மாதத்திலிருந்தே செய்யவேண்டியது.